கால அட்டவணையில் காருக்கு இடமில்லை

கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளியின் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரிசை. பழகுநர் உரிமம் என்றைக்கு வாங்கியது, என்றைக்கு முடிகிறது, மருத்துவச் சான்றின் தேதி, எத்தனை வகுப்பு முடிந்தது, தேர்வுக்கு என்றைக்குப் பதிவு என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். எழுதுகிறவள் ஆபீஸ் அக்கா. ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த அட்டவணையில் ஒன்பதாவது வரிசை மருந்துக்கடைக்காரிக்கு. கடை அவளுடையதில்லை, கல்லாவுக்குப் பின்னால் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. வயது நாற்பத்திரண்டு. இருபத்தொரு வகுப்பு முடிக்க ஐந்தரை மாதம் எடுத்துக்கொண்டாள், கடையில் ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் வகுப்பும் தள்ளிப்போனதால். ஒரு முறை தேர்வுக்குப் பதிவு செய்து, ரிவர்ஸ் இன்னும் சரியாக வரவில்லை என்று சொல்லிக்கொடுக்கிற மாஸ்டரே தேதியை மாற்றச் சொன்னார். கிடைத்த அடுத்த தேதி ஒரு வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளியோடு பழகுநர் உரிமம் முடிகிறது.

அவசரம் அவளுக்காக இல்லை, அவள் கணவருக்காக. அவர் இருபத்திரண்டு வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறவர். கண்ணில் அழுத்தம் கூடி, பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது, இனி வண்டி ஓட்டாதீர்கள் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. நேராகப் பார்த்தால் எல்லாம் தெரிகிறதே என்பது அவர் பேச்சு. ஓட்டாவிட்டால் வீடு எப்படி நடக்கும் என்பதும் அவர் பேச்சுதான். மருந்துக்கடை முதலாளி, நீ உரிமம் வாங்கினால் வீடுவீடாக மருந்து கொடுக்கும் காரை உன்னிடமே தருகிறேன், சம்பளமும் கூட என்று இவளுக்குச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுவிட்டுக் கணவர் ஒரு வாக்குக் கொடுத்தார். அவள் உரிமம் கைக்கு வந்த அன்றைக்கு அவர் ஸ்டீயரிங்கை விடுவார். அதற்கு முன்னால் ஒரு நாள்கூட இல்லை.

வியாழன் காலை பத்து மணிக்கு அவளும் மாஸ்டரும் ஆபீஸ் அக்காவும் பள்ளிக் காரில் தேர்வு மைதானத்துக்குப் போனார்கள். ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மா தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பழகுநர் உரிமம் சரி. பதிவுச் சீட்டு சரி. அடையாள அட்டை, மருத்துவச் சான்று சரி. பிறகு வண்டியின் தாள்களைக் கேட்டாள். பதிவுப் புத்தகம், புகைச் சான்று, இன்ஷூரன்ஸ். கடைசித் தாளில் அவள் விரல் நின்றது.

"இது நேத்தோட முடிஞ்சிருச்சே."

ஆபீஸ் அக்கா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. பதினேழு மாணவர்களுடைய தேதிகளும் அவளுக்கு மனப்பாடம். அட்டவணையில் காருக்கு என்று ஒரு வரிசை போட வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

இப்போதே பணம் கட்டிவிடுகிறேன் என்று மாஸ்டர் போனை எடுத்தார். கட்டலாம், ஆனால் நடப்புக்கு வருவது நாளையிலிருந்துதான் என்று ஜன்னல் அம்மா சொன்னாள். நாளைக்குத் தேர்வு இடம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, அடுத்த காலி பன்னிரண்டு நாள் கழித்து என்றாள். அதற்குள் உரிமம் காலாவதி. மறுபடி பழகுநர் உரிமம் எடுத்து, முப்பது நாள் பொறுத்துத்தான் தேர்வு. வேறு வண்டி கொண்டுவந்தால் பன்னிரண்டு மணி வரைக்கும் எடுத்துக்கொள்வோம் என்று தன் பங்குக்கு ஒரு வழியும் சொன்னாள்.

மருந்துக்கடைக்காரி வீட்டுக்குப் போன் போட்டாள். கணவர், இதோ நானே கொண்டு வருகிறேன், கால் மணி நேரம் என்றார். இருபது வருஷப் பழக்கத்தில் கேட்டுக்கொள்கிறவள்தான். அன்றைக்குக் கேட்கவில்லை.

"நீங்க ஓட்டிட்டு வந்தா நான் டெஸ்ட்டுக்கே போக மாட்டேன். மாஸ்டர் வருவார். சாவியை அவர்கிட்ட குடுங்க."

உன் மாஸ்டர் க்ளட்சைப் பார்த்து மிதிப்பாரா என்று மட்டும் கணவர் கேட்டார்.

இன்ஷூரன்ஸ் இல்லாத காரை மைதானத்து ஓரத்திலேயே விட்டுவிட்டு மாஸ்டர் ஆட்டோவில் போனார். பதினொன்றரைக்கு டாக்ஸி வந்தது. மாஸ்டர் ஓட்ட, பக்கத்தில் கணவர். தாள்களை ஓர் உறையில் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். ஒன்றும் காலாவதி இல்லை. ஜன்னல் அம்மா பார்த்துவிட்டு, கார் வச்சிருந்தா இப்படி வச்சிருக்கணும் என்றாள். ஆபீஸ் அக்கா தலையைக் குனிந்துகொண்டே பள்ளிக் காரிலிருந்த சிவப்பு எல் பலகைகளைக் கழற்றி டாக்ஸியின் முன்னும் பின்னும் மாட்டினாள்.

அந்த வண்டியை அவள் அதுவரை ஓட்டியதே இல்லை. அவர் விட்டதில்லை. பள்ளிக் காரில் மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும், இதில் இல்லை. சீட்டை முன்னால் தள்ளினாள், கண்ணாடிகளைத் திருப்பினாள், பெல்ட்டை மாட்டினாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நேர் ஓட்டம் நன்றாக வந்தது. ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுத்தாள். கடைசியாக ரிவர்ஸில் கம்புகளுக்கு நடுவே நிறுத்த வேண்டும். இந்த வண்டி பள்ளிக் காரைவிட ஒரு முழம் நீளம். அந்த ஒரு முழம் அவள் கணக்கில் இல்லை.

இறங்கி வந்தபோது கணவர் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அழகா ரிவர்ஸ் எடுத்திட்டடி. எதையும் தொடல."

அவள் அவரையே பார்த்தாள்.

"இடது பக்கம் ரெண்டாவது கம்பு விழுந்துச்சுங்க. நான் ஃபெயில்."

"எப்போ?"

அவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். பெண்டாட்டி விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று கேட்கிற மாதிரி. மாஸ்டர் செருப்பு முனையால் மண்ணைக் கிளறினார்.

"விழுந்துச்சுண்ணே. நாம நின்ன இடத்துக்கு இடது பக்கத்துலதான்."

மைதானத்துப் பணியாள் விழுந்த கம்பைத் தூக்கி நட்டுக்கொண்டிருந்தான். மாஸ்டர் கை காட்டிய பிறகுதான் அவர் தலையை நன்றாகத் திருப்பி அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த பின்னும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு கார் வந்து, ஏற்றம் ஏறி இறங்கிப் போயிற்று.

ஆபீஸ் அக்காவுக்கு அழுகை முட்டியது. பள்ளி வண்டியாக இருந்தால் பாஸ் பண்ணியிருப்பீர்களே, எல்லாம் என்னால்தான் என்றாள். இன்றைக்கே பழகுநர் உரிமத்துக்கு மறுபடி விண்ணப்பம் போடுகிறேன், முப்பதாம் நாள் கழிந்த உடனே முதல் தேதியைப் பிடிக்கிறேன், அதுவரை காலையில் ஆறு மணிக்கு உங்களுக்கு மட்டும் ரிவர்ஸ் வகுப்பு, கட்டணம் கிடையாது என்று மூச்சு விடாமல் சொன்னாள். மருந்துக்கடைக்காரி சரி சரி என்று தலையாட்டினாளே தவிர, காது அங்கே இல்லை. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இவர் ஓட்டுவார். அது ஒன்றுதான் அவள் நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு பிள்ளைத்தாச்சிப் பொண்ணை ஏத்திட்டுப் போனேன்," என்றார் கணவர், யாரையும் பார்க்காமல். "இடது பக்கம்தான் உக்காந்திருந்தா."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து எண்ணைத் தேடினார். டாக்ஸி ஸ்டாண்டுக்குத்தான். இன்று முதல் தன் பெயரைச் சவாரிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி சொன்னார். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள்.

"இல்லப்பா, ரிப்பேர் எல்லாம் இல்ல," என்றார். "வண்டி நல்லாத்தான் இருக்கு."