தலையைத் தூக்காமல்

குவைத்தில் இருபது வருஷத்துக்கு மேல் தண்ணீர் லாரி ஓட்டிய ராஜவேலுவுக்கு, ஆரணிக்குத் திரும்பி வந்து தண்ணீரிடமே தோற்க வேண்டும் என்று தலையில் எழுதியிருந்தது. அதுவும் பெண்டாட்டியின் கண் முன்னால்.

கண் முன்னால் என்று சொல்வதும் தப்புதான். தேவகி எப்போதும் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய கண் அவர் பக்கம் இருந்த மாதிரியே அவருக்குத் தெரியவில்லை.

சேத்துப்பட்டு ரோட்டில் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. இருபத்தைந்து மீட்டர் நீளம், மேலே கூரை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் குடும்ப நேரம். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக இறங்கலாம். தேவகி அங்கே போக ஆரம்பித்தது முட்டிக்காக. பட்டுக்கடை மெத்தையில் வருஷக்கணக்காகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் சேலையை விரித்து விரித்து மடித்ததில் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. தண்ணீருக்குள் நடங்கள், முடிந்தால் நீந்துங்கள் என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். கணுக்காலுக்கு மேல் தண்ணீரைப் பார்த்தாலே பயப்படுகிற மனுஷி. ஆனாலும் போனாள். பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கும் சங்கீதா என்ற பெண்ணிடம், முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்து மிதப்பதிலிருந்து ஆரம்பித்து ஒரு வருஷம் கற்றுக்கொண்டாள். அப்போது ராஜவேலு குவைத்தில் இருந்தார்.

அவர் ஊரோடு வந்த பிறகு முதல் ஞாயிறு தானும் கூடக் கிளம்பினார். தேசூர்ப் பக்கத்துக் கிணறுகளில் மேட்டுச் சுவரிலிருந்து தலைகீழாகப் பாய்ந்தவர். லாரிச் சக்கரத்தைத் தனியாளாகக் கழற்றி மாட்டிய தோள். இந்தக் குளமெல்லாம் ஒரு குளமா என்ற நினைப்பு. நான்கு பாக்கெட் வைத்த தொளதொள டவுசரோடு குதித்தார். பாக்கெட் நான்கும் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொண்டன. தண்ணீரை அடி அடியென்று அடித்து, பாதி தூரம் போவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. தேவகி அந்தப் பக்கம் சுவரைத் தொட்டு, இரண்டு பெண்களோடு ஊர்க்கதை பேசி, சிரித்து முடித்து, இவர் வந்து சேரும்போது மறுபடி கிளம்பிக்கொண்டிருந்தாள்.

இது ஒரு ஞாயிறோடு போகவில்லை. டவுசரை மாற்றினார், இறுக்கமானது வாங்கினார். பலன் இல்லை. அவர் சுவரைத் தொடும்போது அவள் சுவரைவிட்டுப் போவாள். இத்தனைக்கும் அவள் ஒன்றும் வேகக்காரி இல்லை. சத்தமே இல்லாமல், அவசரமே இல்லாமல் போவாள். அதுதான் அவருக்குப் பேஜாராக இருந்தது.

நீச்சலில் தோற்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம், சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிற்பது. வீட்டிலும் அது கிடைக்கவில்லை. காலையில் கடைக்குப் போகிறாள், இரவு வருகிறாள், ஒசூரில் இருக்கும் மகள் சத்யப்ரியாவோடு போனில் பேசிக்கொண்டே சமைக்கிறாள், அலுப்பில் தூங்கிவிடுகிறாள். அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது. காத்திருந்து காத்திருந்து, ஒரு கட்டத்தில் காத்திருக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டவள் அவள். அந்த வீட்டில் எந்த வேலைக்கும் அவர் தேவைப்படவில்லை. தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி காபிக்காக உட்கார்ந்திருப்பது எவ்வளவு வலிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

இந்த நேரம் பார்த்துப் பழைய கம்பெனி மேனேஜர் போன் பண்ணினார். விசா தயார், திங்கட்கிழமை பதில் சொல் என்றார். ராஜவேலு தேவகியிடம் சொன்னார். போகாதீங்க என்று அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க இஷ்டங்க" என்றாள் தேவகி. குழம்பைக் கிளறும் கை நிற்கவில்லை.

ஞாயிறு வந்தது. இதுதான் கடைசி ஞாயிறு என்று மனசுக்குள் முடிவுகட்டிக்கொண்டுதான் குளத்துக்கு வந்தார். இன்றைக்கும் சேர்ந்து ஒரு சுவரைத் தொட முடியவில்லை என்றால் விமானம் ஏறிவிட வேண்டியதுதான். கிறுக்குத்தனமான கணக்கு. ஆனால் நொந்த மனசு இப்படித்தான் கணக்குப் போடும்.

வழக்கம்போல தேவகி சுவர் ஓரத்துப் பாதையில் இறங்கினாள். வழக்கம்போல இவர் அவளுக்கு வலது பக்கத்தில். வழக்கம்போல பாதியில் மூச்சிரைத்து நின்றார். கரையில் நடந்து வந்த சங்கீதா குந்தி உட்கார்ந்தாள்.

"அங்கிள், எத்தினி வாரமா சொல்லிகினு இருக்கேன், தலையை எறக்குங்கன்னு. கேக்கவே மாட்டேங்கறீங்க."

"கையில பலம் கொறைஞ்சிடுச்சும்மா. வயசாய்டுச்சு."

"பலமா? வாங்க காட்டறேன். ஆன்ட்டி, நீங்களும் வாங்க."

இருவரையும் ஒரே சுவரில் நிற்கவைத்தாள். கை அடிக்கக் கூடாது, கால் அடிக்கக் கூடாது. சுவரை உதைத்துவிட்டு அப்படியே போக வேண்டும், எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம். ராஜவேலு சுவரே நகரும்படி உதைத்தார். கொஞ்ச தூரம் சீறிக்கொண்டு போய், தலை நிமிர்ந்து, கால் தாழ்ந்து, யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்த மாதிரி நின்றுவிட்டார். தேவகி வலிக்கிற முட்டியால் மெதுவாகத்தான் உதைத்தாள். ஒரு உள்ளங்கையின் மேல் மறு உள்ளங்கையை வைத்து, கைகளைக் காதுக்குப் பின்னால் ஒட்டி நீட்டி, முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அவரைத் தாண்டிப் போனாள். அதற்கு மேலும் போய்க்கொண்டே இருந்தாள்.

சங்கீதா கால் அடித்துப் பழகும் மிதவைப் பலகை ஒன்றை அவரிடம் நீட்டினாள். "இத்த படுக்கவச்சுத் தள்ளுங்க." தள்ளினார், வழுக்கிக்கொண்டு போனது. "இப்ப நிமிர்த்திப் பிடிச்சுத் தள்ளுங்க." தள்ளினார். சக்கரம் கழற்றிய தோள் திணறியது. முழு அகலத்துக்கும் தண்ணீர் மறித்துக்கொண்டு நின்றது.

"வேகமாத் தள்ளுங்க."

வேகமாகத் தள்ளத் தள்ளத் தண்ணீரும் முறைத்துக்கொண்டது.

"பாத்தீங்களா? ரெண்டு மடங்கு வேகமாப் போவணும்னா, தண்ணி சுமார் நாலு மடங்கு எதிர்த்து நிக்கும். நீங்க பலத்தைக் கூட்டக் கூட்ட அது வாங்கி முழுங்கிகினே இருக்கும். நெஞ்சுல காத்து இருக்கு, அது தானா மெதக்கும். தொடையும் காலும் கனம், அது முழுகப் பாக்கும். தலையத் தூக்கினா இடுப்பு எறங்கிடும், இந்தப் பலகையாட்டம் நீங்களே குறுக்க நிப்பீங்க. ஆன்ட்டி படுத்த பலகை. அவ்ளோதான் வித்தியாசம்."

"கெணத்துல அப்படித்தாம்மா பழக்கம். தலைய உள்ள வுட்டா, மேலேர்ந்து எவனாவது முதுகுல குதிச்சிடுவான்."

"இங்க யாரும் குதிக்க மாட்டாங்களே. இன்னும் எதுக்குத் தூக்கறீங்க?"

ராஜவேலு தேவகி எங்கே என்று பார்த்துக்கொண்டார். அவள் தூரத்தில் இருந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவ எங்க போறான்னு பாக்கறதுக்கும்மா."

சங்கீதா சிரிக்க வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அங்கிள், அவங்களப் பாக்கறதுக்குத் தலையத் தூக்கற ஒவ்வொரு வாட்டியும் நீங்க பின்னாடி போறீங்க. அவங்க ஒண்ணும் வேகமாப் போவல. கீழ தரையப் பாருங்க. மூச்சு வேணும்னா உடம்போட சேத்துத் தலையப் பக்கவாட்டுல திருப்புங்க, ஒரு கண்ணு தண்ணிக்குள்ளயே இருக்கட்டும். ஆன்ட்டிய கவனிச்சிருக்கீங்களா? போறப்ப வலது பக்கம் மூச்சு எடுப்பாங்க, வர்றப்ப இடது பக்கம். மத்தவங்களுக்கெல்லாம் ஒரு பக்கம்தான் வரும். அவங்களா பழகினது, நான் சொல்லித்தரல."

அன்றைக்குத்தான் அவர் காது கொடுத்துக் கேட்டார். கரையோரமாகவே கிடந்து பழகினார். முகத்தைக் கவிழ்த்து நெஞ்சை அழுத்தினால் இடுப்பு எழும்பியது. தலையைத் திருப்பியதில் நான்கு முறை தண்ணீர் குடித்தார், மூக்கில் ஏறியது. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் கெக்கெக்கே என்று சிரித்தாள். குடும்ப நேரம் முடியப்போகிறது என்று காவலாளி விசிலை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

தேவகி இந்தப் பக்கம் சுவருக்கு வந்தாள், மூச்சு வாங்கிக்கொண்டாள், கிளம்பினாள். ராஜவேலுவும் உதைத்தார்.

தலையைத் தூக்கவில்லை. தூக்கச் சொல்லிக் கழுத்து கெஞ்சியது. அவள் முன்னால் போய்விட்டாளா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள், ஒன்றும் தெரியாமல் தரையின் நீல ஓடுகளைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லி மாளாது. குவைத்தில் இருந்த வருஷங்களெல்லாம் அவர் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முதலில் பர்ஸுக்குள் போட்டோவில், பிறகு போனில். பார்த்தது எல்லாமே தூரத்திலிருந்துதான். பக்கத்தில் இருப்பதற்குப் பார்த்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை என்பது அவருக்குத் தெரியாமலே போயிருந்தது.

உடம்பு லேசாகிவிட்டது. கை மெதுவாகத்தான் போனது, தரை ஓடுகள் வேகமாகப் பின்னால் நகர்ந்தன. அப்போது தரையில் ஒரு நிழல் தெரிந்தது. மேற்கு வெயில் தேவகியின் பக்கத்திலிருந்து விழுந்ததில் அவளுடைய நிழல் இவர் பாதைக்குள் சாய்ந்திருந்தது. முதலில் அவளுடைய பாதம் தெரிந்தது, பிறகு இடுப்பு, பிறகு தோள். அதற்குப் பிறகு நிழல் முன்னால் போகவுமில்லை, பின்னால் தங்கவுமில்லை. கூடவே வந்தது.

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டன.

தேவகி நிமிர்ந்தாள். நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரையே பார்த்தாள். இந்த முறை சுவரை உதைத்துக் கிளம்பவில்லை.

"ஜல்தியா வந்துட்டீங்க" என்றாள்.

ராஜவேலு மூச்சிரைத்தபடி தலையை மட்டும் ஆட்டினார். அவள் தண்ணீருக்குள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"போறப்ப வலது, வர்றப்ப இடதுன்னு அந்தப் பொண்ணு பெருமையாச் சொல்லிகினு இருக்கும். அது ஒண்ணும் வித்தையில்லீங்க. நீங்க இருக்கற பக்கம்தான் நான் மூச்சு எடுக்கறது. நீங்க வர்றதுக்கு முன்னாடியும் இந்தப் பாதைய காலியா வுட்டு, அந்தப் பக்கம்தான் திரும்பிகினு இருந்தேன். ஒவ்வொரு வாட்டியும் வெறும் தண்ணிதான் இருந்துச்சு."

ராஜவேலு சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கையை எடுத்தால் முழுகிவிடுவோம் போலிருந்தது.

"நின்னு பாத்திருக்கலாமே தேவகி. ஒரு நாளாவது."

"நின்னா நீங்க வர்ற வரைக்கும் பாத்துகினே நிக்கணும். அப்படி நான் ரொம்ப வருஷம் நின்னுட்டேங்க. திரும்பவும் முடியாதுன்னுதான் கெளம்பிடுவேன்."

அவரால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. துடைக்கவும் தேவையில்லை, முகமெல்லாம் ஈரம்தான். காவலாளி விசில் ஊதினார். பிள்ளைகள் ஏறத் தொடங்கினார்கள்.

"நாளைக்கு அந்த மேனேஜர் போன் பண்ணுவாரு" என்றார்.

"பண்ணுவாரு" என்றாள் தேவகி. அவள் இரண்டாவது முறை "உங்க இஷ்டங்க" என்று சொல்லவில்லை. கண்ணாடியைக் கீழே இழுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு பாதங்களையும் சுவரில் வைத்து, அவருக்காக நின்றாள்.

ராஜவேலு அவள் பக்கத்தில் பாதத்தை வைத்தார். சேர்ந்து உதைத்தார்கள். பாதிக் குளத்தில் அவருக்கு மூச்சு வேண்டியிருந்தது. தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பினார். பாதி முகம் தண்ணீருக்குள் இருக்க, பக்கத்தில் தேவகி இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள்.