நாலு பக்கமும் கறுப்பு

"இவ்வளவு பெரிய டிவி வாங்கிட்டு, நாலு பக்கமும் கறுப்பா விட்டா எப்படிங்க?" கேம் கடை முதலாளி காலையிலிருந்து மூன்றாவது முறையாகக் கேட்டார். கடையின் பன்னிரண்டு டிவிக்கும் செட்டிங் செய்ய வந்தவன் நான்; இது முதல் டிவி.

அவர் அதில் ஓட்டச் சொன்ன பழைய கேமின் படத்துக்கு உயரம் 224 கோடு. டிவிக்கு 1080. சரியாக நான்கு மடங்காக்கினால் 896 வரும், ஐந்து மடங்கு டிவியில் அடங்காது; மிச்சம் கறுப்புதான். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. "உங்க இஷ்டம்" என்று படத்தைத் திரை முழுக்க இழுத்துவிட்டேன். உருண்டைப் பந்து முட்டையாகிவிட்டது. பழைய டிவி மாதிரி தெரிய நான் போட்டிருந்த ஸ்கேன்லைன் கோடுகள், ஒன்று தடித்து ஒன்று மெலிந்து பட்டை பட்டையாகத் தெரிந்தன.

"டிவி ரிப்பேரா?" என்றார்.

மறுபடியும் படத்தை அதே நான்கு மடங்கு உயரத்துக்கும், பழைய டிவியின் நாலுக்கு மூன்று வடிவத்துக்கும் கொண்டுவந்தேன். பந்து உருண்டையானது. இந்த முறை மட்டும், சுற்றியிருந்த கறுப்பில் அவருடைய கடை போஸ்டரை வைத்தேன். இடது ஓரத்தில் அவரே கைகட்டி நின்று சிரித்தார்.

முதலாளி இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்.

"இதைத்தானே காலையிலேருந்து கேட்டுட்டிருக்கேன்! படம் இப்ப எவ்வளவு பெருசா இருக்கு பாருங்க. மீதி பதினோரு டிவியிலயும் இதே மாதிரி பெருசாக்கிடுங்க."