கழுத்துக்குக் கீழே

எங்கள் வீட்டில் நடந்ததற்கெல்லாம் ஒரு லெகிங்ஸ்தான் காரணம் என்று சொல்லி நான் கையைக் கழுவிவிடலாம். ஆனால் லெகிங்ஸுக்கு வாய் கிடையாது. எனக்கு இருந்தது.

யோகா உடைகளும் கால்பந்து உடைகளும் தைக்கிற கம்பெனி ஒன்றில் போட்டோ திருத்துவது என் வேலை. என் அண்ணியும் அதே கம்பெனிதான், மாடியில். அவளை ஃபிட் மாடல் என்பார்கள். புதிதாக வெட்டுகிற ஒவ்வொரு உடுப்பையும் முதலில் அவள் உடம்பில்தான் மாட்டிப் பார்ப்பார்கள். உட்காரச் சொல்வார்கள், குனியச் சொல்வார்கள், எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது என்று கட்டிங் மாஸ்டர் சாக்பீஸால் குறித்துக்கொள்வார். இடுப்பு இருபத்தொன்பது, இடுப்புக்குக் கீழே முப்பத்தெட்டு. அந்த அளவுக்குத்தான் மொத்தக் கம்பெனியும் கத்தரி போடும். நாலு வருடமாகக் கேட்டலாக்குக்கும் அவளையே பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் கழுத்தோடு வெட்டு.

"துணிக்கடை பொம்மைக்குக்கூட தலை இருக்குடி, உனக்கு அதுவும் இல்ல" என்பான் அண்ணன். வேலையை விடு என்பதைத்தான் அப்படிச் சொல்லுவான். அண்ணி சிரிப்பாள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முகத்தோடு ஒரு படம் வர வேண்டும்.

எனக்கு அவள் மேல் என்ன கோபம்? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வீட்டில் என் பெயர் குண்டு. அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதே "குண்டு, வா" என்றுதான். கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, "உன் அண்ணியப் பாரு, அச்சுல வார்த்த மாதிரி" என்பாள். அப்புறம் தொண்டையில் என்ன இறங்கும்? அண்ணி மட்டும்தான் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த வருடக் கேட்டலாக் அட்டைக்கு அண்ணியையே எடுப்பது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். லெகிங்ஸ் போட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி, உடம்பைத் திருப்பித் தோளுக்கு மேலே பின்னால் பார்க்கிற ஆசனம். கேமரா முதுகுப் பக்கம். அண்ணி ஒரு வாரம் அந்த ஆசனத்தைக் கூடத்தில் உட்கார்ந்து பழகினாள். படம் எடுத்து முடிந்த அன்று என் மேசைக்கு ஓடி வந்தாள்.

"பாப்பா, மூஞ்சிய வெட்டிடாதே, என்ன!"

"வெட்டறதுக்கு நான் யாரு?" என்றேன்.

இரண்டு நாள் கழித்து முதலாளிக்கு வேறு ஞானோதயம் வந்தது. டிவி தொடரில் வருகிற ஒரு நடிகையைப் பிடித்துவிட்டார். அந்தம்மா வந்தாள், விளக்குகள் அண்ணிக்கு வைத்தபடியே இருந்தன, அதே ஆசனம், அதே உடுப்பு, முக்கால் மணி நேரத்தில் போய்விட்டாள். படம் என் கம்ப்யூட்டரில் திறந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்தம்மா குச்சி. உடுப்பு அவள் மேல் கோணிப்பை மாதிரி கிடந்தது. சாதாரணமாக இப்படி இருந்தால் முதுகுப் பக்கம் நாலு கிளிப் போட்டு இழுத்துப் பிடித்துவிடுவார்கள், முன்னால் கச்சிதமாக இருக்கும். இங்கே கேமராவே முதுகுப் பக்கம். கிளிப்பை எங்கே போடுவது?

மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "நாலு மணிக்கு அச்சுக்குப் போகணும். கொஞ்சம் டைட் பண்ணிடும்மா."

டைட் பண்ணிடும்மா! வாயால் சொல்லிவிடலாம். நானும் பண்ணிப் பார்த்தேன். தொடையின் ஓரத்தை உள்ளே தள்ளினால் துணியில் இருந்த மெல்லிய நெடுக்கு வரிகள் பாம்பு மாதிரி நெளிந்தன. மடிப்புகளை அழித்தால் காலுக்குப் பெயிண்ட் அடித்தது போல் ஆனது. இழுபடுகிற துணிக்கு ஒரு நியாயம் உண்டு. சதை உருண்டு வருகிற இடத்தில் வரிகள் விலகும், நிறம் ஒரு சாயல் வெளுக்கும். முழங்காலுக்குப் பின்னால் வரிகள் நெருங்கி, குறுக்கே சின்னச் சின்னச் சுருக்கம் விழும். உடம்பைத் திருப்பினால் இடுப்பிலிருந்து எதிர் விலாவுக்குச் சாய்வாக இரண்டு மூன்று மடிப்பு ஓடும். இடுப்புப் பட்டி சதையை லேசாக அமுக்கி, மேலே நூல் கனத்துக்கு ஒரு பிதுக்கம் காட்டும். அந்தப் பிதுக்கத்தை அழித்தால் போச்சு, கடைக்காரர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்து, "இது போட்டோவா, பொம்மையா?" என்று திருப்பி அனுப்புவார்கள். துணியை அழகாக்குவது பெரிய காரியமில்லை. உள்ளே ஒரு உடம்பு இருக்கிறது என்று நம்ப வைக்க வேண்டும்.

"முடியுமா, முடியாதா?" என்றார் மேனேஜர்.

"முடியும் சார். ஒவ்வொரு மடிப்பா எடுத்து, வரிய ஒவ்வொண்ணா திரும்பப் போடணும். ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாளா! முதலாளி என் தோலை உரிச்சிடுவார்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இரண்டு நாள் தாமதத்தில் யார் குடியும் முழுகிவிடாது. இல்லாவிட்டால் வேறு வழியில்லாமல் அண்ணி படத்தையே போட்டிருப்பார்கள், அதுவும் நடந்திருக்கும். மேனேஜர் வாயைத் திறந்து, "பேசாம உங்க அண்ணி படத்தையே..." என்று ஆரம்பித்தார். அச்சுல வார்த்த மாதிரி என்கிற அம்மாவின் குரல் எனக்குக் காதில் கேட்டது. இனிமேல் அந்த அட்டையையும் கூடத்தில் மாட்டி வைத்து, அதற்குக் கீழே என்னை உட்கார வைத்து, குண்டு, சாப்பிடு என்பார்கள்.

"உடம்பு அண்ணியோடதே இருக்கட்டும் சார்" என்றேன். "தலைய மட்டும் மாத்திடறேன். ஒரே விளக்கு, ஒரே ஆசனம். ரெண்டு மணி நேரம் போதும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க அண்ணி ஒத்துக்குமா?"

"அவகிட்ட யாரு கேக்கப் போறா?"

அதைச் சொன்னது நான்தான். மேனேஜர் இல்லை, முதலாளி இல்லை.

வேலை வெண்ணெயில் கத்தி போவது போல் போயிற்று. கழுத்து மடிப்பில் வெட்டினேன். அந்தம்மாவின் தலையை வைத்தேன். தோளிலும் கையிலும் பாதத்திலும் தோல் நிறத்தை அவளுக்கு ஏற்றபடி மாற்றினேன். தோளிலிருந்த மச்சத்தை எடுத்தேன். உடுப்பு சாம்பல் நிறத்தில் இருந்தது, அட்டைக்குக் கத்திரிப்பூ நிறம் வேண்டுமென்றார்கள், மாற்றினேன். கழுத்துக்குக் கீழே அளவில் ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை. தொட வேண்டியிருக்கவில்லை. அந்த இடுப்பும் அந்தப் பிதுக்கமும் அவ்வளவு லட்சணமாக இருந்தன. மூன்றே முக்காலுக்குப் படம் போயிற்று. "பழைய படமெல்லாம் அழிச்சிடும்மா, பின்னால வம்பு வேணாம்" என்றார் மேனேஜர். அழித்தேன்.

கேட்டலாக் வந்த அன்று அட்டையைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினார்கள். அண்ணி அதன் முன்னால் போய் நின்றாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். கண்டுபிடித்துவிடுவாள், கத்துவாள், அண்ணனிடம் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் திருப்பிக் கத்தலாம் என்றுகூட இருந்தது.

தன் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? அவள் வெகு நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "டிவில பார்க்கறப்ப ஒண்ணும் தெரியல பாப்பா. என்ன இடுப்பு பாரு இந்தம்மாவுக்கு! துணி எப்படி உட்கார்ந்திருக்கு! நாம எங்க, இவங்க எங்க."

அடிப் பாவி, அது நீதான்டி என்று சொல்ல ஒரு மூச்சு போதும். எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம் வந்தது. முதல் தடவையாக அவளுக்கும் தெரிகிறது, இன்னொருத்தி உடம்பைப் பார்த்து வயிறு எரிவது எப்படி இருக்கும் என்று.

"ஆமா அண்ணி" என்றேன்.

"நான் கொஞ்சம் இளைக்கணும் போல, இல்ல? அதான் என் படத்தப் போடல."

"கொஞ்சம்."

அன்றிலிருந்து அவள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். அப்புறம் காலையில் வெறும் வெந்நீர். அம்மா திட்டினாள், அண்ணன் சிரித்தான். அண்ணி கேட்டலாகைக் கண்ணாடியில் செருகி வைத்து, அதற்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தன்னைப் போல் ஆவதற்குத்தான் பாவி தன்னை உருக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் இருந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்வது கஷ்டம். இருபதாம் நாள் முடியவே முடியாது.

ஆறாவது வாரம் மாடியில் அளவெடுத்தார்கள். மாதம் ஒரு தடவை ஃபிட் மாடலுக்கு டேப் வைப்பது வழக்கம். கட்டிங் மாஸ்டர் இரண்டு தடவை வைத்துப் பார்த்தார், மூன்றாவது தடவையும் வைத்தார்.

"முப்பத்தாறரை! என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

"இளைச்சிருக்கேன் மாஸ்டர்" என்றாள் அண்ணி. அவ்வளவு பெருமையாகச் சொன்னாள்.

"யாரு இளைக்கச் சொன்னா? உன்மேல துணி தொங்குது. இதைப் பார்த்து நான் வெட்டினா, வாங்கறவளுக்கு மூச்சு முட்டும். எனக்கு நீ முப்பத்தெட்டா இருந்தாத்தான் வேலை."

"திரும்ப ஏத்திடறேன் மாஸ்டர். ஒரு மாசம்."

"சீசனுக்கு அறுபது சாம்பிள் நிக்குது. ஒரு மாசத்துக்கு நான் யாருக்கு மாட்டறது, தூணுக்கா?"

திங்கட்கிழமை வேறொருத்தி வந்தாள். முப்பத்தெட்டு. கழுத்தோடு வெட்டி அவளைப் படம் எடுத்தார்கள்.

அண்ணி அழவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். அண்ணன், "தலையும் போச்சு, உடம்பும் போச்சா?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"அண்ணி, அந்தப் படம் உன்னோடது."

அவள் திரும்பினாள்.

"உன் உடம்பு அது. நான்தான் தலைய மாத்தினேன். நான்தான் யோசனையே சொன்னேன். சத்தியமா, உன்மேல ஒரு பொட்டு குறைக்கல. நீ அப்படியேதான் இருந்தே, அண்ணி. நீ அப்படியே இருந்தே!" சொல்லச் சொல்ல எனக்கு மூக்கு ஒழுகியது.

அவள் கேட்டலாகைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இடுப்பில் லெகிங்ஸ் இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தொங்கியது. இரண்டுக்கும் ஒரு இழை ஒற்றுமை இல்லை. பழைய படமாவது இருந்தால் காட்டியிருப்பேன்.

அண்ணி என் பக்கத்தில் வந்து, தன் துப்பட்டாவால் என் மூக்கைத் துடைத்தாள்.

"அழாதே பாப்பா" என்றாள். "என்னைத் தேத்தறதுக்காக உன் தலையில பழியப் போட்டுக்காதே. எனக்குக் கண்ணு இருக்கு. நான் என்னிக்கும் அவ்வளவு அழகா இருந்ததில்ல."