காது எந்தப் பக்கம்

பனிச்சங்கேணியில் எனக்குச் 'சீனத்து உதயன்' என்று பெயர். சுனாமி என் பலசரக்குக் கடையை வாவிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு சண்டையும் ஓய்ந்து, வீதி போட ஒரு சீனக் கம்பனி வந்தபோது அவர்களுடைய சாமான் கொட்டிலில் எனக்கு வேலை கிடைத்தது. எனக்குத் தெரிந்த சீனம் மூன்றே சொல்: வணக்கம், நன்றி, சாப்பாடு. மூன்றையும் சத்தமாகச் சொல்வேன். ஊர் மயங்கிவிட்டது.

எஞ்சினியர் லீ தந்த சீன–ஆங்கில அகராதி ஒன்றும் வைத்திருந்தேன். சீன எழுத்தை எப்படி உச்சரிப்பது என்று தெரியாவிட்டாலும் அதில் தேடலாம். ஒவ்வொரு எழுத்திலும் ஒரு தலைமை உறுப்பு இருக்கும். அதில் எத்தனை கோடு என்று எண்ணி, அட்டவணையில் அந்த உறுப்பைப் பிடிக்க வேண்டும். பிறகு மிச்சப் பகுதியின் கோடுகளை எண்ணி, அந்த உறுப்பின் பட்டியலில் அத்தனை கோடுள்ள எழுத்துகளுக்குள் தேட வேண்டும். பக்க எண் அங்கே இருக்கும். பேனையைத் தூக்காமல் இழுப்பது ஒரு கோடு, வளைந்தாலும் ஒன்றுதான். இதை விளங்கிக்கொள்ளவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஆனால் ஆட்கள் பார்க்கும்போது அகராதியைச் சும்மா புரட்டுவதற்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை.

கொட்டிலைத் துப்புரவாக்கியபோது வெளியே வைத்த பை ஒன்றைச் சீதேவிப்பிள்ளை அக்கா கண்டார். இடம்பெயர்ந்து முகாம்களில் அலைந்து திரும்பி வந்து, பத்து வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் வட்டையில் ஒன்றரை ஏக்கர் நெல் விதைத்திருந்தார். உள்ளே வெள்ளை மணிகள். வெளியே முதுகில் மருந்துத் தாங்கியோடு ஒரு மனிதனின் படம், மூன்று பெரிய எழுத்துகள்: 除草剂.

"என்ன மனே எழுதிக் கிடக்கு? பயிருக்குப் போடுற பசளையோ?"

"பொறுங்கக்கா, ஒரு நிமிசம்" என்றேன். லீ கொழும்பிலிருந்து வர இரண்டு நாள் இருந்தது. அதுவரை பொறுத்தால் என் பெயர் என்னாவது?

நடு எழுத்து லேசு. தலையில் புல்லுறுப்பு, மூன்று கோடு, கீழே ஆறு. புல், செடி. கடைசி எழுத்தின் வலப்பக்கம் கத்தி, இரண்டு கோடு, மிச்சம் ஆறு. மருந்துக் கலவை. முதல் எழுத்தில் காதுபோல ஓர் உறுப்பு, இரண்டு கோடு, மிச்சம் ஏழு. அட்டவணையில் காதைப் பிடித்து ஏழு கோட்டுப் பட்டியலைப் பார்த்தேன், இல்லை. ஆறு, எட்டு, எதிலும் இல்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் எழுத்து கம்பனிப் பேர்" என்றேன். "மற்றது செடி மருந்து. இலைக்கு அடிக்கிற பசளைதான். தேவையெண்டா எடுத்துக்கொண்டு போங்க."

மறுநாள் காலை, அந்தக் கம்பனிப் பெயரையும் கண்டுபிடித்துவிட்டால் இன்னும் பெருமையாக இருக்குமே என்று அகராதியைத் திறந்தேன். அதே இரண்டு கோட்டு வரிசையில் காது இரண்டு தடவை இருந்தது. ஒன்று வலப்பக்கம் நிற்கும் காது, மற்றது இடப்பக்கம். தனித்தனிப் பட்டியல். பையிலிருந்த காது இடப்பக்கம். நான் தேடியது வலப்பக்கக் காதில். இடப்பக்கப் பட்டியலில் ஏழு கோட்டில் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது 除. பொருள்: அகற்று, ஒழி.

புல்லை ஒழிக்கும் மருந்து. வீதியோரப் பற்றையை அழிக்கக் கொண்டுவந்தது. நெல்லென்று பார்த்து விட்டுவிடாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வட்டைக்குப் பறந்தேன். வழியெல்லாம் அக்காவுக்குச் சொல்ல நல்ல பொய்யாக யோசித்தேன்: பையை மாற்றி வைத்துவிட்டார்கள், சீனாக்காரன் பிழையாக எழுதிவிட்டான்.

அக்கா தாங்கியை முதுகில் சுமந்து நின்றார். வாய்க்காலோரத் துண்டு முழுக்க அடித்து முடிந்திருந்தது.

"நிப்பாட்டுங்கக்கா! அது புல்லுக் கொல்லி. எனக்கு வாசிக்கத் தெரியா. அந்த எழுத்தக் காணாமத்தான் கம்பனிப் பேரெண்டு சொன்னன்."

யோசித்த பொய்களெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. அக்கா தாங்கியை இறக்கி வைத்தார். இருவரும் வாளியால் வாய்க்கால் தண்ணீரை அள்ளி இலைகளின் மேல் ஊற்றினோம். மத்தியானம் வரை ஊற்றினோம். எட்டாம் நாள் அந்தத் துண்டில் பாதிக்கு மேல் மஞ்சளாகிக் கருகிப் போனது. மற்றத் துண்டுகள் தப்பின.

கருகியதைப் பிடுங்க நானும் போனேன். வரம்பில் நின்று, "மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

அவர் நிமிரவில்லை.

"எனக்கும் எழுத்துத் தெரியாதுதானே மனே. முகாமில எத்தின கடுதாசி நீட்டினானுகள். ஒவ்வொண்டுக்கும் தெரியாதெண்டு சொல்லித்தான் கைநாட்டு வெச்சன். வெக்கமாத்தான் கிடந்திச்சு. ஆனா ஒருத்தர்ர பயிரும் சாகல்ல."