பெட்டியில் மருந்து இல்லை

விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் பெல்ட் நின்றுவிட்டது. கூட வந்தவர்கள் எல்லாரும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போயாயிற்று. யாரோ விட்டுப்போன ஒரு மடக்குக் குடை மட்டும் கிடந்தது. டீச்சரும் அவள் கணவரும் கொண்டுவந்த நீலப் பெட்டி வரவேயில்லை.

டீச்சருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை பாத்ரூம் போய்வந்தாகிவிட்டது, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலும் காலி. சர்க்கரை ஏறினால் இப்படித்தான் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். என்ன செய்யவேண்டும் என்பதும் தெரியும். செய்யவேண்டிய ஊசிதான் வராத பெட்டிக்குள் இருந்தது.

விஷயம் விமானத்தில் சாப்பாடு வந்தபோதே வெளிப்பட்டது. "மருந்துப் பையை எடுங்க" என்று கேட்டதற்கு அவள் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது பெரிய பெட்டியில போட்டுட்டேன்."

"கைப்பையில வச்சிருந்தேனே!"

"நான்தான் மாத்தினேன். ஊசியும் கையுமா போய் நின்னா கஸ்டம்ஸ்காரன் சும்மா விடுவானா? அவன் பிரெஞ்சுல குடைஞ்சு குடைஞ்சு கேப்பான். அதுக்கெல்லாம் நான் எங்க போவேன்?"

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. பேசினால் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து ஓடும்படி ஆகியிருக்கும்.

ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாதே, சொன்னால் மாட்டிக்கொள்வாய் என்பதுதான் ஆபீசில் அவர் கற்ற ஒரே வித்தை. வெளிநாட்டில் இருக்கும் மகள், முதல் தடவை வருகிறார்களே என்று விமான நிலையத்துக்கு வேண்டிய பிரெஞ்சு வாக்கியங்களைப் போனில் பேசி அனுப்பியிருந்தாள். மனிதர் அதைச் சத்தமாகப் போட்டுவைத்துக்கொண்டு, குளிக்கும்போதும் கேட்டைப் பூட்டும்போதும் உருப்போட்டார். மகளைப் பார்க்க வந்திருக்கிறேன் என்பதற்கு "ழ வியான் வுவார் மா ஃபீய்". கணக்குக் காட்டவேண்டிய பொருள் எதுவும் கொண்டுவரவில்லை என்று கஸ்டம்ஸில் சொல்ல "ழ நே ரியான் அ தெக்லரே". நோயைப் பற்றிய வாக்கியங்கள் வந்தால் மட்டும் தாண்டிவிடுவார். கிளம்பும்போதே நோய் நொடி என்ன பேச்சு என்பார். நோய் அவருக்கா வந்தது, தாண்டிப் போக?

"வா, அந்தக் கவுன்ட்டர்தான்" என்றார் இப்போது. பெட்டி தொலைந்தால் வெளியே போவதற்கு முன்பே எழுதிக்கொடுத்துவிட வேண்டும், கஸ்டம்ஸ் கதவைத் தாண்டிவிட்டால் உள்ளே திரும்ப விடமாட்டார்கள் என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அதையாவது காதில் வாங்கியிருந்தாரே, புண்ணியமாகப் போயிற்று. மகள் அந்தக் கதவுக்கு அப்பால்தான் நின்றுகொண்டிருப்பாள். கூப்பிட்டுப் பேசலாம் என்றால், காசு தண்டம் என்று போனில் வெளிநாட்டு இணைப்பையும் இவர் போட்டுக்கொள்ளவில்லை.

கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போன்ழூர். மா வலீஸ் நே பாஸ் அரிவே." என் பெட்டி வந்து சேரவில்லை.

நன்றாகத்தான் சொன்னார். அதுவே வினையாகிவிட்டது. பிரெஞ்சு தெரிந்த மனிதர் என்று நினைத்து அந்தப் பெண் மடமடவென்று கொட்டித் தீர்த்தாள். அவர் பேந்தப் பேந்த விழித்தார்.

"மெதுவாப் பேசச் சொல்லுங்க" என்றாள் டீச்சர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எனக்குத் தெரியும், நீ சும்மா இரு. பார்லே லாந்த்மான், சில் வூ ப்ளே."

அந்தப் பெண் சிரித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டியிருந்த பெட்டிச் சீட்டை வாங்கி நம்பரைத் தட்டினாள். பலவிதப் பெட்டிப் படங்கள் போட்ட அட்டையை நீட்டினாள், அவர் சக்கரம் வைத்ததைத் தொட்டுக் காட்டினார். நிறம் "ப்லெ" என்றார், நீலம். மகள் வீட்டு முகவரியும் போன் நம்பரும் எழுதிக்கொடுத்தார். பெட்டி, நடுவில் விமானம் மாறிய ஊரிலேயே தங்கிவிட்டது, நாளை வேறு விமானத்தில் வரும், வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள் என்று அந்தப் பெண் கையைக் காலை ஆட்டிப் புரியவைத்தாள்.

"நாளைக்கா? எனக்கு இன்னிக்கு ஊசி போடணுங்க!"

"இரு, இரு. நடுவுல பேசாத."

அந்தப் பெண் அடுத்த கேள்வியைக் கேட்டாள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்கிறாள் போலும். அவர் "வெத்மான்" என்றார், துணிமணி. அவள் விடவில்லை. "தே மெதிகமான்?" என்று டீச்சரைப் பார்த்தபடியே கேட்டாள். வாய் உலர்ந்து நின்றவளை அவள் கவனித்திருக்க வேண்டும்.

மெதிகமான். மருந்து. டீச்சருக்கு அந்தச் சொல் தெரியும். அவர் தூங்கும்போது, அவர் தாண்டிப்போன வாக்கியங்களைப் போட்டுக் கேட்டிருக்கிறாள்.

அவருக்கும் புரிந்தது. பச்சை விளக்குக் கதவருகே நின்ற கஸ்டம்ஸ்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நோன்."

இல்லையாம்!

டீச்சருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பாங்கில் அவளுக்காக அவர் பேசினார், பொறுத்துக்கொண்டாள். டாக்டரிடம்கூட அவரே பேசினார், இவள் தலையாட்டினாள். இப்போது அவளுக்கு நோயே இல்லை என்றும் அவரே சொல்லிவிட்டார். அவரை ஒதுக்கிவிட்டுக் கவுன்ட்டரில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"வுயி! மெதிகமான், வுயி! ழ ஸ்வி தியாபெத்தீக். ஆன்சுலீன் தான் லா வலீஸ்!" ஆமாம், எனக்குச் சர்க்கரை வியாதி, இன்சுலின் பெட்டிக்குள் இருக்கிறது என்று சொன்னது புரியாமல் போய்விடக்கூடாது என்று சேலைக்கு மேலேயே வயிற்றில் குத்திக்காட்டினாள்.

"ஐயோ, கத்தாத. அந்த ஆள் வர்றான் பாரு!"

"வரட்டும். என் உடம்பைப் பத்தி நீங்க யாரு இல்லைன்னு சொல்றதுக்கு? உங்க பயத்துக்கு என் உசிரைத் தூக்கிப் பெட்டியில போட்டீங்களே!"

கஸ்டம்ஸ்காரர் வந்தேவிட்டார். கவுன்ட்டர் பெண் அவரிடம் இரண்டு வரி சொன்னாள். ஹெட்கிளார்க் பாஸ்போர்ட்டுகளை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றார். கஸ்டம்ஸ்காரர் அவற்றைத் தொடக்கூட இல்லை. சொந்த உபயோகத்துக்கான மருந்துதானே, "பா து ப்ரொப்ளேம்" என்று தோளைக் குலுக்கினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவரே போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார், டீச்சருக்கு ஒரு நாற்காலியும் இழுத்துப் போட்டார். இந்த மனிதருக்குப் பயந்துதானா இவ்வளவும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

சக்கர நாற்காலி வந்தது. மருத்துவ அறையில் ஒரு நர்ஸ் விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள், மீட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். டாக்டர் வந்தார். தன் போனில் இன்சுலின் பேனாக்களின் படங்களைக் காட்டினார், டீச்சர் தன்னுடையதைத் தொட்டுக் காட்டினாள். பிறகு டாக்டர் கேட்டார்:

"கொம்பியான் துனித்தே, மதாம்?"

கணவர் முன்னால் வந்தார். முகம் பழையபடி தெளிந்துவிட்டது. ஒன்று முதல் நூறு வரை பிரெஞ்சில் தலைகீழாகச் சொல்லக்கூடியவர் ஆயிற்றே.

"எத்தனை யூனிட் போடறேன்னு கேக்கறார். நான் சொல்லிடறேன், நீ இரு" என்றவர் டாக்டர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

டாக்டர் காத்திருந்தார். நர்ஸ் காத்திருந்தாள். டீச்சரும் காத்திருந்தாள். தினமும் ராத்திரி அவர் தட்டுக்கு எதிரே உட்கார்ந்துதான் ஊசி போட்டுக்கொள்வாள். போட்டுக்கொண்ட பிறகுதான் அவருக்குச் சோறு பரிமாறுவாள்.

அவர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"எத்தனை?" என்று தமிழில் கேட்டார்.