ஆளுக்கு ஒரு டம்ளர்

கணவனைக் காமாலையோடு ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாளாகியும் ரத்தத்தில் காமாலை அளவு ஏறிக்கொண்டே போனது. அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். தோளில் மாட்டிய பையை மட்டும் கீழே வைக்கவேயில்லை.

டாக்டர் புது ரிப்போர்ட்டோடு வந்தார். "வைரஸ் இல்ல, கல் இல்ல. வெளியிலேர்ந்து ஏதாவது மருந்து குடுக்கறீங்களா?"

"மருந்தெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்."

"கஷாயம்?"

அவள் பையைத் தொட்டுப் பார்த்தாள். எதிர்ப்பு சக்திக்கென்று ஒரு வருஷமாகத் தினமும் காய்ச்சுகிற சீந்தில்கொடிக் கஷாயம். அதைப் போய் யாராவது மருந்து என்பார்களா? பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து நீட்டினாள். "காலைல ஒரே ஒரு டம்ளர்தான். இன்னிக்கும் குடுத்தேன்."

"சீந்தில் சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும். அபூர்வம்தான், ஆனா நடக்கும். இப்பவே நிறுத்துங்க."

"நான் அப்பவே சொன்னேன் அண்ணி, கண்டதையும் காய்ச்சாதீங்கன்னு!" என்று பாய்ந்தாள் கட்டிலருகே உட்கார்ந்திருந்த நாத்தனார்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க எதுவும் குடுக்கலையே?"

நாத்தனார் காலடியிலிருந்த கூடையை இழுத்தாள். அவள் கூடையிலிருந்தும் ஒரு பாட்டில் வெளியே வந்தது. "இது கடையில வாங்கின பன்னெண்டு மூலிகைப் பொடி. சாயங்காலம் வெந்நீர்ல கலந்து ஒரு டம்ளர்."

டாக்டர் லேபிளைப் படித்தார். முதல் பெயரே சீந்தில்.

இரண்டு பெண்களும் கட்டிலைப் பார்த்தார்கள். "ரெண்டையுமா குடிச்சீங்க?" என்று கத்தினாள் அவள்.

அவன் மஞ்சள் கண்களைத் திறந்தான். "யாருதை வேண்டாங்கறது? பொழைச்சா, வீட்டுக்குத்தானே வரணும்?"