சக்கரம் கலந்த கேக் மாவு

வீட்டில் அவனைச் சக்கரம் என்றுதான் கூப்பிடுவார்கள். இருந்த இடத்தில் இருக்கத் தெரியாதவன். சாப்பிட உட்கார்ந்தால்கூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவன் ஒரு வருஷமாக அக்காவின் கிடங்குப் பின்னறையில் ஒரே மேஜை முன்னால் நின்று கேக் மாவு கலந்தான் என்றால், அந்த மாவின் மேல் அவனுக்கு எவ்வளவு பைத்தியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மைதா, சர்க்கரை, பால் பவுடர், பேக்கிங் பவுடர் எல்லாம் அளவாகக் கலந்து மூட்டையில் இருக்கும். பேக்கரிக்காரர் முட்டையும் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி அடித்தால் போதும். கேக் பஞ்சாக எழும்பும். நேற்று வேலைக்கு வந்தவன் செய்தாலும் எழும்பும். அதுதான் அந்த மாவின் பெருமை என்று சக்கரம் நினைத்துக்கொண்டிருந்தான்.

அக்காவின் கம்பெனி ஊரிலுள்ள பேக்கரிகளுக்கு ஈஸ்ட், வெண்ணெய்க்குப் பதில் போடும் மார்ஜரின், சாக்லேட் கட்டி, பிரெட் மிருதுவாக வருவதற்கான பவுடர் என்று சகலமும் சப்ளை செய்வது. எல்லாமே வேறு யாரோ தயாரித்த சரக்கு. மூன்று வருஷமாக விற்பனை நின்ற இடத்திலேயே நிற்கிறது. இந்த வருஷமும் ஏறாவிட்டால் ஊருக்கு இன்னொரு ஏஜென்டைப் போட்டுவிடுவோம் என்று ஈஸ்ட் கம்பெனி சொல்லிவிட்டது. ஈஸ்ட் கையை விட்டுப் போனால் அதைச் சாக்கிட்டு விற்கிற மற்றதெல்லாம் கூடவே போய்விடும்.

அலுவலக அறையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள், மூன்று திசையில் இழுத்தார்கள்.

"நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்குப் போவோம். அங்க தெருவுக்கு ஒரு பேக்கரி இருக்கு" என்றார் அக்காவின் கணவர்.

"தெருவுக்கு ஒரு சப்ளையரும் இருக்கான். ஈஸ்ட்டைக் குளிர்ச்சியில வெச்சுத்தான் கொண்டு போகணும். இருக்கிறதே ஒரு குளிர் வேன். அது அங்க போனா இங்க யாரு குடுக்கிறது?" என்றாள் அக்கா. "நம்மகிட்ட வாங்குறவங்களே இன்னும் கொஞ்சம் வாங்கினா போதும்னு எனக்குத் தோணுது."

"மூணு வருஷமா அதைத்தானே சொல்றே" என்று சக்கரம் எழுந்துவிட்டான். "அடுத்தவன் சரக்கையே எத்தனை நாளைக்குச் சுமக்கிறது? நம்ம பேர்ல ஒண்ணு வேணாமா? என் மாவு வேணாம்னா சொல்லிடுக்கா. வேற கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க, நான் போயிக்கிறேன்."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருக்கும் பணம் ஏதாவது ஒன்றைச் செய்யத்தான் போதும் என்பது மூவருக்கும் தெரியும். "முதல்ல ஒரு கடையில குடுத்துப் பாரு. மாசக் கடைசியில முடிவு பண்ணலாம்" என்று மட்டும் சொன்னாள்.

மணிக்கூண்டு பேக்கரிதான் அவர்களுடைய பெரிய வாடிக்கை. முதலாளிக்கு மாவைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. அங்கே கேக்கும் பிரெட்டும் போடுகிற மாஸ்டர் அதில் ஒரு கேக் செய்தார், ஓரத்தில் கிள்ளித் தின்று பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். சக்கரத்தின் காதில் 'நல்லா' மட்டும் விழுந்தது.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கடையின் ஆர்டர் வந்தது. கேக் மாவு கேட்டிருந்தார்கள். கேக்குக்குப் போடும் மார்ஜரின் இல்லை. சரி, அதற்குப் பதில்தான் எண்ணெய் ஊற்றுகிறார்களே. ஆனால் பஃப் மடிக்கிற மார்ஜரினையும் காணோம். ஈஸ்ட் பாதியாகியிருந்தது. சக்கரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய், கல்லாவைத் தாண்டி நேராகச் சமையலறைக்குள் நுழைந்தான்.

உள்ளே அலமாரி முழுக்க வேறொரு சப்ளையரின் டப்பாக்கள். மாஸ்டர் பஃப் மாவை நீளமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஈஸ்ட்ல ஏதாவது குறையா மாஸ்டர்?"

"ஒரு குறையும் இல்ல தம்பி. உங்க மாவு வந்த அன்னைக்கே முதலாளி சொல்லிட்டாரு, இனிமே கேக்குக்கு யாரு இருந்தாலும் போதும்னு." அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவனைக் கலக்கியது. "இங்க எந்த பிராண்ட் வாங்கணும்னு சொல்றது நான். என்னை வீட்டுக்கு அனுப்புற ஆள்கிட்ட நானே வாங்கிப் போடணுமா?"

சக்கரம் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலமாரியைப் பார்த்தான். "இந்தச் சாக்லேட், இந்தப் பிரெட் பவுடர், எல்லாம் எங்ககிட்டயும் இருக்கே?"

"இருக்கா? யாரும் சொல்லலியே. உங்க ஆள் மத்தியானம் கல்லாவுல நின்னு, போன தடவை மாதிரியேன்னு எழுதிட்டுப் போயிடுவாரு. அப்ப நான் வீட்ல தூங்கிட்டிருப்பேன். இந்த டப்பாக்காரங்க ஆள் விடிகாலையில, பிரெட் மாவு பொங்குற நேரத்துல வந்து நிப்பான். எனக்கும் அப்பதான் பேச நேரம்."

அந்த வாரம் முழுக்கச் சக்கரம் விடியுமுன் எழுந்து சமையலறை சமையலறையாகப் போனான். எங்கே போனாலும் அதே கதை. ஈஸ்ட்டும் மார்ஜரினும் இவர்களுடையது, மற்றதெல்லாம் அடுத்தவனுடையது. வாங்குகிறவர்களே இன்னும் வாங்கினால் போதும் என்று அக்கா சொன்னது சரி. எப்படி என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தெரிந்துகொண்டதை வெளியே சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. சொன்னால் ஒரு வருஷ உழைப்பைத் தானே குழி தோண்டிப் புதைக்க வேண்டும். சொல்லாவிட்டால் மாவு போகும் கடையிலெல்லாம் மாஸ்டர்கள் ஈஸ்ட்டை நிறுத்துவார்கள், இன்னொரு ஏஜென்ட் வருவான். கிடங்குக்குள் மேலும் கீழும் நடந்தான். மாவை நன்றாகச் செய்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மாசக் கடைசியில் அறைக்குள் போய், உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"உன் மாவு கலக்குற மிஷினுக்கு நேத்தே முன்பணம் கட்டிட்டேன்டா" என்றாள் அக்கா. அவள் கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"உனக்குத்தான் மாவு யோசனை பிடிக்கவே இல்லையே?" என்றான் சக்கரம்.

"பிடிக்கல. நீ போயிடுவேன்னு பயந்துட்டேன்."

சக்கரத்துக்கு அவமானமாக இருந்தது. ஒரு பேச்சுக்குச் சொன்னதை வைத்து அவள் கம்பெனியையே பணயம் வைத்திருக்கிறாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "வேணாம்னு சொல்லிடுக்கா. முன்பணத்தை என் சம்பளத்துல பிடிச்சுக்கோ."

"அப்ப நீ போகலையா?"

"விடிகாலையில மாஸ்டருங்க முன்னாடி யாரு போய் நிக்கிறது? மாமாவா? அவரு எழுந்திருக்கிறதுக்குள்ள பிரெட்டே வித்துடும்."

"அவ்வளவு லேட்டெல்லாம் இல்ல" என்றார் மாமா. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மறுநாள் விடிகாலையில் மணிக்கூண்டு பேக்கரிக்குப் போனான். மாவு இனி வராது என்றதும் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சக்கரம் பின்கட்டில் மீதியிருந்த தன் மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வேனில் ஏற்றினான். கடைசி மூட்டைக்கு மாஸ்டரே வந்து ஒரு முனையைப் பிடித்தார்.

"நல்ல மாவு தம்பி. கெட்ட மாவா இருந்திருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

ஒரு வருஷமாக அவன் யார் வாயிலிருந்தாவது கேட்க ஏங்கிய வார்த்தை அது. மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு, ஈஸ்ட் எத்தனை பெட்டி வேண்டும் என்று கேட்டான்.